காது மாறிய தாத்தா

ஆல்பம் டிசைன் வேலையில் ஆறு வருஷமாக இருக்கிறேன். துபாயிலிருந்து லீவு கிடைக்காத மாப்பிள்ளையின் அண்ணனைக் குரூப் போட்டோவில் சேர்ப்பது, மூடின கண்ணைத் திறந்து வைப்பது, செத்துப்போன அப்பாவைப் பெண்ணுக்குப் பின்னால் நிறுத்துவது எல்லாம் முகூர்த்த மாசங்களில் வாரத்துக்கு ஒன்றாவது வரும். அதனால் எங்கள் தாத்தாவை ஒரு படத்தில் உட்கார வைக்க இரண்டு ராத்திரி போதும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. பிரிண்ட் இரண்டு முறை போட்டேன்.

படம் 2022 ஆவணியில் எடுத்தது. அப்பா அம்மாவுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். மேலூர் வீட்டு வாசலில், காலை எட்டரை மணிக்கு, பதினாலு பேர். அப்பத்தா முதலில் வரவே மாட்டேன் என்றது. "நல்ல காரியத்துக்கு நான் எதுக்குய்யா முன்னால?" என்று அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டது. அத்தை கையைப் பிடித்து இழுத்து வந்து முன்வரிசையின் இடது ஓரத்தில் உட்கார வைத்தாள். பக்கத்து பிளாஸ்டிக் சேர் சித்தப்பாவுக்கு. அவர் கைக்குழந்தை அழுததால் எழுந்து பின்னால் போய் நின்றுவிட்டார். நான் டைமர் வைத்து ஓடி வந்து நின்றேனே தவிர அந்தக் காலி சேரைக் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டரில் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டதே அதுதான். அப்பத்தாவின் கை அந்தச் சேரின் பக்கமாகவே இருந்தது.

தாத்தா 2017 தை மாதம் போனார். 2024 தை திதிக்கு முன்னால் படத்தை மாட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்பத்தா திண்டுக்கல்லில் அத்தை வீட்டுக்குப் பத்து நாள் போயிருந்தது. சொல்லாமல் செய்து, வந்ததும் பார்க்கட்டும் என்று திட்டம். சொல்லாமல் செய்ததுதான் தப்பு. ஆனால் அது பிறகுதான் தெரிந்தது.

தாத்தாவுக்கு மூன்று படங்கள் இருந்தன. பாஸ்போர்ட் சைஸ் ஒன்று, தோள் வரைக்கும்தான். செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த ஒன்று, முகத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. மூன்றாவது 2012-ல் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஸ்டுடியோக்காரர் எடுத்தது. தாத்தா மர நாற்காலியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, வேட்டி, இடது தோளில் துண்டு. ஸ்டுடியோக்காரரின் ஹார்டு டிஸ்க் எப்போதோ போய்விட்டது. 5×7 அங்குல பிரிண்ட் மட்டும் இருந்தது, அதுவும் சில்க் பேப்பரில்.

சில்க் பேப்பரை ஸ்கேன் செய்தவர்களுக்குத் தெரியும். கையில் பிடித்துப் பார்த்தால் மழுமழுவென்று அழகாக இருக்கும். ஸ்கேனரில் வைத்தால் முகம் முழுக்கத் தேன்கூடு மாதிரி புள்ளி புள்ளியாக வரும். ஸ்கேனரின் விளக்கு ஒரே பக்கமிருந்து சாய்வாக அடிப்பதுதான் காரணம். பேப்பரின் ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழுகிறது. மங்கலாக்கி அதை மறைக்கப் போனால் புள்ளியோடு சேர்ந்து கண் இமையும் போய்விடும். நான் செய்வது வேறு. படத்தை நேராக வைத்து ஒரு ஸ்கேன். பிறகு அதே படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு ஸ்கேன். இரண்டாவதைக் கம்ப்யூட்டரில் 180 டிகிரி திருப்பி முதல் ஸ்கேனின் மேல் போட்டு, `Auto-Align Layers` கொடுத்து, மேல் லேயரின் `Opacity`-ஐ 50 ஆக்க வேண்டும். ஒன்றில் வெளிச்சமாக இருந்த பக்கம் மற்றதில் நிழலாக இருக்கும், இரண்டும் சேர்ந்து அடங்கிவிடும். தேன்கூடு முக்கால்வாசி போய்விட்டது, இமை அப்படியே நின்றது.

600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தேன். 1200-ம் முயன்று பார்த்தேன், பேப்பரின் நார்தான் பெரிதாகத் தெரிந்தது. லேப் பிரிண்டுக்குள் இருக்கும் விவரமே சுமார் 300 அளவுதான். இல்லாததை ஸ்கேனர் எங்கிருந்து கொண்டுவரும்? 600-ல் தாத்தாவின் உயரம் 2100 பிக்சல் வந்தது. குரூப் படத்தில் அப்பத்தா உட்கார்ந்த நிலையில் 1500 பிக்சல், தாத்தா அதைவிடக் கொஞ்சம் உயரம், ஆகவே 1600. சிறிதாக்கத்தான் வேண்டும், பெரிதாக்க வேண்டியதில்லை. அங்கேயே பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு தைரியம் வந்தது.

அவரை அந்த பிளாஸ்டிக் சேரில் உட்கார வைக்கவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவரை வெட்டி இன்னொன்றில் வைத்தால் எவ்வளவு மெனக்கெட்டாலும் ஆள் மிதப்பார். தொடை அழுந்துகிற இடம், முதுகு சாய்கிற கோணம், கை படுகிற உயரம் எல்லாமே அந்த நாற்காலியோடு பொருந்தியவை. அதனால் மர நாற்காலியோடு சேர்த்து வெட்டினேன். பிளாஸ்டிக் சேரை அழித்து, பின்னால் தெரிய வேண்டிய சுவரையும் அக்காவின் சேலை மடிப்பையும் வரைந்து நிரப்பினேன்.

2012 படத்தில் தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்றது அப்பத்தாதான். அதன் முந்தானை அவர் முழங்கையை மூடியிருந்தது. அதை அழித்துவிட்டு மற்ற முழங்கையைப் பிரதி எடுத்து ஒட்டினேன். அப்பத்தாவை வெட்டி எடுத்துவிட்டு அப்பத்தா பக்கத்தில் தாத்தாவை வைக்கிறோமே என்று அப்போது ஒரு நொடி தோன்றியது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அடுத்தது வெளிச்சம். எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. காலை வெயில் கிழக்கிலிருந்து, அதாவது படத்தில் இடது பக்கமிருந்து எல்லார் மேலும் விழுகிறது. 2012 படத்திலோ வலது பக்கம் ஜன்னல். ஒரு முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்க்க மூக்கின் நிழலைப் பார்த்தால் போதும். பதினாலு பேருக்கும் மூக்கு நிழல் வலது கன்னத்தில், தாத்தாவுக்கு மட்டும் இடது கன்னத்தில். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் "ஒட்டின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிடுவார். இதற்கு எங்கள் தொழிலில் ஒரே ஒரு குறுக்கு வழி. `Flip Horizontal`. ஆளை இடம் வலமாகத் திருப்பிவிட்டால் வெளிச்சமும் திரும்பிவிடும். ஒரு கிளிக்.

திருப்பினால் சட்டைப் பை வலது மார்புக்குப் போய்விடும், பொத்தான் பட்டி மாறிவிடும், துண்டு வேறு தோளுக்குப் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பையைத் தனியே வெட்டி இடது மார்பில் வைத்தேன், அதில் இருந்த பேனாவோடு. பொத்தான் பட்டியைச் சரி செய்தேன். துண்டை இடது தோளுக்கு மாற்ற ஒரு முழு ராத்திரி போனது. வாடிக்கையாளர் படம் என்றால் இவ்வளவு பார்த்திருக்க மாட்டேன். எங்கள் தாத்தா என்பதால் பார்த்தேன் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

நிறத்துக்கு வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அப்பா கட்டியிருந்ததும் வெள்ளை வேட்டி. அதன் நிழல் மடிப்பில் கர்சரை வைத்தால் சிவப்பு 196, பச்சை 201, நீலம் 210. காலை நேரத்து நிழல் லேசாக நீலம் ஓடும், அதுதான். தாத்தாவின் வேட்டி மடிப்பில் 214, 203, 184. பிளாஷும் பழசான பேப்பரும் சேர்ந்து மஞ்சள். `Curves`-ல் சிவப்பைக் கொஞ்சம் இறக்கி நீலத்தை ஏற்றி இரண்டு வேட்டியும் ஒரே எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை இழுத்தேன். வேட்டி சரியானதும் முகமும் தானாக இந்தக் காலைக்கு வந்துவிட்டது. தோலை வைத்து நிறம் பார்க்கப் போனால் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், முடிவே வராது. வெள்ளைத் துணி பொய் சொல்லாது.

தலைமுடிதான் சிரமம். 2012-ல் பின்னால் அரக்கு நிறத் திரை, இங்கே வெளிர் மஞ்சள் சுவர். நரை முடியை என்ன மென்மையாக வெட்டினாலும் ஓரத்தில் அரக்கு ஒட்டிக்கொண்டே வந்தது. அந்த ஓரத்தை மட்டும் அவர் முடியின் சாம்பல் நிறத்தாலேயே மெல்லிய தூரிகையால் மூடி, சுவரின் மேல் ஐந்தாறு முடியைத் தனித்தனியாக இழுத்துவிட்டேன். நாற்காலிக் கால்களுக்கு நிழல். கால் தரையில் தொடுகிற இடத்தில் நிழல் கறுப்பாக, மெல்லிசாக இருக்க வேண்டும். விலக விலக வெளுத்து அகல வேண்டும். அந்தத் தொடுகிற இடத்துக் கறுப்பை மறந்தால் ஆள் தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்பார். கடைசியில் அவர் மேல் மட்டும் கொஞ்சம் பொடி தூவினேன். நாங்கள் 'நாய்ஸ்' என்போம். பேப்பரிலிருந்து வந்தவர் மற்றவர்களைவிடச் சற்று மழுங்கலாக இருந்தார், பொடி அந்த வித்தியாசத்தை மறைக்கும்.

12×18 பிரிண்ட், கண்ணாடி இல்லாத லேமினேஷன் பிரேம். ஹாலில் டிவிக்கு மேலே மாட்டினோம். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டார். அம்மா அழுதாள். சித்தப்பா, "டேய், நான் எந்திரிச்ச சேருல அப்பாவ ஒக்கார வச்சுட்ட" என்றார்.

அப்பத்தா வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. வந்ததும் பையை வைத்தது, கால் கழுவியது, சாமி அறைக்குப் போனது, அடுப்படிக்குப் போனது. படத்தின் அடியில் மூன்று முறை போய்வந்தது. நாங்கள் எல்லாரும் டிவி பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தோம். நாலாவது முறை நின்றது. இடுப்பிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டது. ஸ்டூலை இழுத்து வரச் சொன்னது. நான் பிடித்துக்கொள்ள ஸ்டூலில் ஏறி நின்று பார்த்தது.

"இது உங்க அத்தை வீட்டு நாற்காலில்ல?"

"ஆமா அப்பத்தா."

"அது இங்க எப்புடி வந்துச்சு?"

நான் சிரித்தேன். அது சிரிக்கவில்லை. விரலைத் தாத்தாவின் முகத்துக்குக் கொண்டுபோய், தொடாமல், காதின் பக்கத்தில் நிறுத்தியது.

"கிழிஞ்ச காது இடதுய்யா. நீ வலதுல வச்சிருக்க."

தாத்தாவுக்குச் சின்ன வயதில் கடுக்கன் போட்டிருந்தார்களாம். கன்றுக்குட்டியின் கயிறு மாட்டி இடது காது மடல் கிழிந்துவிட்டது. எனக்கு அந்தக் காது தெரியும். அதைப் பிடித்து விளையாடியிருக்கிறேன். எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியவில்லை. பையையும் பேனாவையும் துண்டையும் திருப்பியவன் காதைத் திருப்பவில்லை.

"காது மட்டுமில்ல, மொகமே என்னமோ மாதிரி இருக்கு. அவுக சவரம் பண்றப்ப நான்தான் கண்ணாடி பிடிப்பேன். அதுக்குள்ள தெரியுமே ஒரு மொகம், அது இது."

இதைவிடத் துல்லியமாக ஒருவர் சொல்ல முடியாது. எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. வகிடு, வாய்க்கோணல், ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கிய இமை எல்லாம் சேர்ந்ததுதான் நமக்குத் தெரிந்த ஆள். நாற்பது வருஷம் எதிரே பார்த்தவரிடம் கண்ணாடிக்குள் இருந்தவரைக் காட்டினால் ஏமாறமாட்டார். பேரன் ஏமாந்தான், மகன்கள் ஏமாந்தார்கள்.

மறுநாள் காலை சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படம் அப்பத்தாவின் அறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், முகம் சுவரைப் பார்த்து நின்றது.

காதுக்காகத்தான் என்று நினைத்தேன். "ரெண்டு நாள்ல சரி பண்ணித் தாரேன்" என்று போய் நின்றேன். அப்பத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தது.

"காது கெடக்கட்டும். அவுக பக்கத்துல ஒக்காந்திருக்கையில நான் எதுக்கு வெறும் திருநீறோட இருக்கேன்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. படத்தில் அப்பத்தா சந்தன நிறச் சேலையில், கழுத்தில் ஒன்றுமில்லாமல், நெற்றியில் திருநீறு மட்டுமாக இருக்கிறது. பக்கத்தில் தாத்தா பேனாவெல்லாம் குத்திக்கொண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சத்தையும் நிழலையும் எண் எண்ணாகப் பொருத்தியவனுக்கு இது தெரியவில்லை. பதினாலு பேர் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"பொட்டு வச்சிருவோம் அப்பத்தா. தாலிகூடப் போட்டுரலாம். அஞ்சு நிமிச வேலை."

அது முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அஞ்சு நிமிசம் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

நான் வேலை கற்ற ஸ்டுடியோ முதலாளியிடம் அன்று சாயங்காலம் இதைச் சொன்னேன். அறுபத்தெட்டு வயது, பிலிம் காலத்து ஆள். நெகட்டிவ்மேல் பென்சில் தீட்டி முகச்சுருக்கத்தை எடுத்தவர். தனித்தனி பிரிண்டை வெட்டி ஒட்டி, ஒட்டின ஓரத்தை வண்ணத்தால் மூடி, அதைத் திரும்பப் போட்டோ எடுத்துத் தம்பதி படமாகக் கொடுத்தவர். அவர் சிரித்தே விட்டார். "முதல்ல அந்தம்மாவுக்குப் பொட்டு வைப்போம்டா. அப்புறந்தான் புருஷன ஒட்டுவோம். இதக்கூடவா சொல்லித் தரணும்?" கேட்காமலே வைப்பீர்களா என்றேன். "கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. கேக்க மாட்டோம். படத்தப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம காசக் குடுத்துட்டுப் போவாங்க."

அவர் முறை அவர் காலத்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். அப்பத்தாவிடம் எடுபடும் என்று தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதையே கூட்டி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன்.

நான் எப்போதும் பழைய படத்தை மாற்றாமல், எல்லாவற்றையும் தனித்தனி லேயராக வைப்பவன். தாத்தா ஒரு லேயர், நாற்காலி நிழல் ஒன்று, நிறம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும். அதை அமுக்கினால் லேயர் மறையும், திரும்ப அமுக்கினால் வரும். எப்படிச் செய்தேன் என்று காட்டுவதற்காக தாத்தாவின் கண்ணை அமுக்கினேன். நாற்காலியோடு காணாமல் போனார்.

அப்பத்தா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. "அத அமுக்காத."

திரும்பக் கொண்டுவந்தேன். அதன் பிறகு அன்று முழுக்க அந்தக் கண்ணைத் தொடவில்லை.

அசல் ஸ்கேனைத் திறந்தேன். 2012. தாத்தா நாற்காலியில், பக்கத்தில் அப்பத்தா, பச்சைப் பட்டு, மல்லிகை, நெற்றியில் எட்டணா அளவுக்குக் குங்குமம், மஞ்சள் கயிறு. அப்பத்தா தாத்தாவைப் பார்க்கவில்லை. தன்னைத்தான் வெகுநேரம் பார்த்தது. "இந்தப் பொட்ட எடுத்து இங்க வைப்பியா?" என்றது. வைப்பேன் என்றேன். "நல்லாத்தான் இருக்கும்" என்றது. பிறகு, "வேணாம். நீ வைக்காத" என்றது. ஏன் என்று கேட்கவில்லை. தாத்தாவை எடுத்துவிடவா என்றால் அதற்கும் வேண்டாம்.

கடைசியில் அதுவே தீர்ப்புச் சொன்னது. ஹாலுக்கு, தாத்தா இல்லாமல் எடுத்தபடியே ஒன்று. "வர்றவுக ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாக." காதைச் சரி செய்து இன்னொன்று, சின்னதாக, தன் அறைக்கு. "அதுக்குக் கண்ணாடி போட்ட பிரேமாப் போடு." லேமினேஷன்தான் இப்போது எல்லாரும் போடுவது, எடை குறைவு, உடையாது என்று விளக்கினேன். "கண்ணாடி போடு" என்றது மறுபடி.

காதைச் சரி செய்வது என்றால் ஒரு காதை வெட்டி மறுபக்கம் ஒட்டுவது இல்லை. கண்ணாடி முகத்தையே விட்டுவிட்டு, திருப்பாத தாத்தாவை எடுத்து, வெளிச்சத்தைக் கையால் மாற்ற வேண்டும். அந்தக் குறுக்கு வழி மிச்சம் பிடித்த நேரமெல்லாம் இப்போது வட்டியோடு போனது.

ஒரு லேயரை 50% சாம்பலால் நிரப்பி அதன் முறையை `Soft Light` ஆக்கினால் சாம்பல் மறைந்துவிடும். அதன்மேல் வெள்ளைத் தூரிகை பட்ட இடம் வெளுக்கும், கறுப்பு பட்ட இடம் இருளும். `Flow` 5-க்கு மேல் வைக்கக் கூடாது, வைத்தால் கன்னத்தில் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆகிவிடும். முதல் நாள் நேரடியாக இடது கன்னத்தை வெளுக்கப் போய்க் கெடுத்தேன். பழைய ஜன்னல் வெளிச்சம் வலது கன்னத்தில் அப்படியே இருந்தது, இரண்டு பக்கமும் வெளிச்சமாகி முகம் தட்டையான அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. வரிசை முக்கியம். முதலில் இருக்கிற வெளிச்சத்தை அணைக்க வேண்டும். இடது கன்னம் 148, வலது 176 என்று இருந்ததை இரண்டும் 160 பக்கம் வரும்படி சமன் செய்தேன். மூக்கின் பழைய நிழலை அழித்தேன். முகத்தில் மேடு பள்ளமே இல்லாத ஒரு தாத்தா கிடைத்தார், பார்க்கப் பயமாக இருந்தது. அங்கிருந்து இடது பக்கத்தை ஏற்றி வலது பக்கத்தை இறக்கி, மூக்கு நிழலை வலது கன்னத்தில் புதிதாக வரைந்தேன். பக்கத்தில் அப்பாவின் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரைந்தேன். மூக்கு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், நிழல் விழுகிற விதமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

கண்ணில் ஒரு சின்ன விஷயம். பிளாஷ் அடித்தால் கருவிழி நடுவில் வெள்ளைப் புள்ளி குத்தும். வெளியில் நின்றால் அந்தப் புள்ளி வெளிச்சம் வருகிற பக்கம், மேல்மூலையில் இருக்கும். முதல் பிரிண்டில் இதை விட்டிருந்தேன். நடுப்புள்ளியை எடுத்து இடது மேல்மூலையில் வைத்தவுடன் தாத்தா சுவருக்கு அப்பால் எங்கேயோ பார்ப்பதை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார். துண்டும் பையும் பேனாவும் இந்த முறை தானாகவே சரியான பக்கம் இருந்தன.

8×12 பிரிண்ட். பிரேம் கடையில் கண்ணாடி போடச் சொல்லும்போது நடுவில் மவுண்ட் போர்டு வைக்கச் சொன்னேன். பிரிண்ட் நேராகக் கண்ணாடியில் பட்டால் நாலு மழைக்காலத்தில் ஈரம் இறங்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படி வந்த படங்களைத்தான் எங்களிடம் சரி செய்யக் கொண்டுவருகிறார்கள். போர்டின் கனம் அளவுக்கு இடைவெளி இருந்தாலே போதும்.

கொடுத்தபோது அப்பத்தா ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, காதை ஒரு முறை பார்த்துக்கொண்டது. "ம்" என்றது. தன் கட்டிலுக்கு எதிரே, கை எட்டுகிற உயரத்தில் மாட்டச் சொன்னது. படம் கண் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால்தான் எடுப்பு என்றேன், கேட்கவில்லை.

கண்ணாடியும் கை எட்டுகிற உயரமும் எதற்கென்று அடுத்த வெள்ளிக்கிழமை தெரிந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள். தாத்தாவின் நெற்றிக்கு நேரே கண்ணாடிமேல் சந்தனம், அது எல்லா வீட்டிலும் போனவர்கள் படத்துக்கு வைப்பதுதான். பக்கத்தில், தன் நெற்றிக்கு நேரே குங்குமம்.

"என்னங்கத்தை இது? உசிரோட இருக்கவுக படத்துக்கு யாராச்சும் பொட்டு வைப்பாகளா? அபசகுனம்" என்று அம்மா பதறினாள்.

"நீ ஒன் சோலியப் பாரு" என்றது அப்பத்தா.

அம்மா அன்று ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டாள். அடுத்த வெள்ளி மறுபடி இருந்தது. அளவு கொஞ்சம் பெரிதாக, எட்டணா அளவுக்கு. துடைப்பதை நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஈரத்துணி கண்ணாடியில் இழுபடும்போது தண்ணீர் கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கும், மவுண்ட் போர்டு உப்பிவிடும். காய்ந்த துணியால் அப்பத்தாவே துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கிறது. உதிர்ந்த குங்குமம் சட்டத்தின் கீழ்விளிம்பில் ஒரு கோடாகச் சேர்ந்திருக்கிறது.